ஐந்தரை வருடத்துக்கு ஒரு வரி

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் கணக்காளர் தேடுகிறது. விளம்பரத்தைப் பார்த்த பெண் ஒருவர் பி.காம். படித்தவர், ஐந்து வருடம் கணக்கு வேலை பார்த்தவர். மாமியார் பக்கவாதத்தில் படுத்ததால் 2018-ல் வேலையை விட்டார். 2023 கடைசியில் மாமியார் காலமானார். சில மாதம் கழித்து அவர் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சில வருடங்கள் வேலைக்குச் செல்ல இயலவில்லை. மன்னிக்கவும். வாய்ப்புக் கொடுத்தால் கடினமாக உழைப்பேன்.”

இதில் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு இரண்டு சந்தேகம் எழும். அந்தச் சூழ்நிலை முடிந்ததா, இன்னும் இருக்கிறதா? இவருக்கு இன்றைய கணக்கு வேலை தெரியுமா? இரண்டாவதுதான் பெரிய சந்தேகம். அவர் விலகியபோது ஜி.எஸ்.டி. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிறகு 2020-ல் உள்ளீட்டு வரியைச் சரிபார்க்க ஜி.எஸ்.டி.ஆர்-2பி வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து ஐந்து கோடி விற்றுமுதலைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. மன்னிப்பு இந்த இரண்டுக்குமே பதில் சொல்வதில்லை.

அதே பெண் இப்படி எழுதலாம்:

“வணக்கம். கணக்காளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். 2013 முதல் ஒரு நூல் மில்லில் கொள்முதல், விற்பனைக் கணக்குகளைப் பார்த்தேன். 2018 ஜூன் முதல் 2023 டிசம்பர் வரை மாமியாரைக் கவனிக்க வேலையிலிருந்து விலகியிருந்தேன்; அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பகுதிநேரமாக டாலிபிரைமில் பதிவு போடுகிறேன், பில்களை 2பி-யோடு ஒப்பிடுகிறேன். இ-இன்வாய்ஸ் இன்னும் நானே போட்டதில்லை.”

இடைவெளிக்கு நடுவில் ஒரே வாக்கியம்தான்: எப்போதிலிருந்து எப்போது வரை, ஏன், முடிந்ததா. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டுப் படித்தாலும் மீதி ஒரு விண்ணப்பமாக நிற்க வேண்டும். முதல் செய்தியில் அப்படி அடித்தால் உழைப்பேன் என்ற வாக்குறுதி மட்டுமே மிஞ்சும். இ-இன்வாய்ஸ் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றும். எடுக்கக் கூடாது என்பேன். நேர்முகத் தேர்வில் கணினி முன் உட்கார வைத்தால் எப்படியும் தெரிந்துவிடும். முன்பே சொன்னால், மற்ற வரிகளையும் நம்புவார்கள்.

மாதங்களை நீட்டி இடைவெளியைச் சுருக்குவதுதான் உண்மையான ஆபத்து. பி.எஃப். இருந்தவர்களுக்கு, யு.ஏ.என். கணக்கின் பணி வரலாற்றில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். பல நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. விண்ணப்பிக்கும் முன் நாமே அதைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் ஆன பிறகு உறுப்பினரே இணையத்தில் பதிய வழி உண்டு.

காரணம் சொந்த உடல்நலம் என்றால் நோயின் பெயர் வேண்டியதில்லை. “உடல்நலக் காரணமாக விலகியிருந்தேன், இப்போது முழுநேர வேலைக்குத் தடையில்லை” என்பது போதும்.