கணக்கில் விழுந்தது பணம்! "திருப்பி அனுப்புங்க" என்று போன் வந்தால் உஷார்!

விருதுநகர்-

2023 செப்டம்பரில் சென்னை கார் டிரைவர் ஒருவர் கணக்கில் திடீரென 9 ஆயிரம் கோடி ரூபாய் விழுந்தது! ஏதோ விளையாட்டு என்று நினைத்தவர், நண்பருக்கு 21 ஆயிரம் அனுப்பிப் பார்த்தார். போய்விட்டது! சற்று நேரத்தில் மீதியை தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியே எடுத்துக்கொண்டது.

போனில் கேட்கும் ஆசாமி கதை வேறு. சிவகாசி கடைக்காரர் கணக்கில் 20 ஆயிரம் வரவு என்று வைத்துக்கொள்வோம். "அண்ணாச்சி, நம்பர் மாத்திப் போட்டுட்டேன். ஆஸ்பத்திரிப் பணம். இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க" என்று அழுகை.

முதலில் கணக்கில் இருப்பைப் பார்க்க வேண்டும். வெறும் பொய் மெசேஜாகவே இருக்கும் பல நேரம். பணம் நிஜமாகவே வந்திருந்தால்தான் வில்லங்கம். ஆன்லைனில் பட்டாசு வாங்க ஏமாந்து கட்டியவர் பணமாக இருக்கலாம். அவர் 1930-க்கு புகார் செய்தால் முடங்குவது கடைக்காரர் கணக்கு. போனில் அழுதவர் அதற்குள் கம்பி நீட்டியிருப்பார்!

"உங்க பேங்குல எழுதிக் கொடுங்க" என்பதே அவருக்குப் பதில். கடைக்காரரும் தன் வங்கியில் தேதி, தொகை, பரிவர்த்தனை எண்ணுடன் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்க வேண்டும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ, அதற்கே திருப்பச் சொல்ல வேண்டும். அதுவரை தொடக் கூடாது. அடுத்தவர் பணம் என்று தெரிந்தே செலவழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவு பாயும்.