கதிர் கருவாகும் நாளைக் கண்டுபிடிப்பது

நெல்லுக்கான உர அட்டவணை எங்கே கிடைத்தாலும் அதில் பெரும்பாலும் ஒரே பாணிதான்: நட்ட 15ஆம் நாள் இவ்வளவு யூரியா, 30ஆம் நாள் இவ்வளவு, 45ஆம் நாள் இவ்வளவு. பார்க்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பயிருக்கு நாம் நட்ட நாள் தெரியாது. அது விதையில் முளைவிட்ட நாளிலிருந்து தன் வயதை நடத்திக்கொண்டு போகிறது. 110 நாள் ரகத்துக்கும் 155 நாள் ரகத்துக்கும் ஒரே அட்டவணையைப் பின்பற்றினால் ஏதாவது ஒன்றுக்கு உரம் தவறான பருவத்தில்தான் போய்ச் சேரும்.

அதனால் அட்டவணையைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும் என்பது என் கட்சி. நெல் எந்த ரகமானாலும் பூத்ததிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய 30 நாள். தண்டுக்குள் கதிர் கருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை ஏறக்குறைய 35 நாள். இந்த இரண்டும் ரகத்துக்கு ரகம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவதெல்லாம் அதற்கு முன்னால், தூர் கட்டி இலை விடும் காலம்தான். மொத்த வயதிலிருந்து 65ஐக் கழித்தால் கதிர் கருவாகும் நாள் வந்துவிடும். 110 நாள் ஆடுதுறை 43 என்றால் விதைத்த 45ஆம் நாள். 155 நாளைத் தாண்டும் சி.ஆர். 1009 என்றால் 90ஆம் நாள்.

காவிரி டெல்டாவில் ஒரு ஏக்கர் குறுவையை எடுத்துக்கொள்வோம். ரகம் ஆடுதுறை 43. ஜூன் 15 விதைப்பு, ஜூலை 10 நடவு. குறுகிய கால ரகத்துக்கு டெல்டாவில் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 150:50:50 கிலோ. ஏக்கருக்கு அது 60:20:20. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதில் உள்ள அளவுதான் சரி. இல்லாதவர்களுக்கு இந்தப் பொது அளவு. மணிச்சத்து முழுவதும் அடியுரத்தில் போகிறது. தழையையும் சாம்பலையும் நான்கு சம பங்காகப் பிரிக்கிறோம்.

| பருவம் | தேதி | உரம் (ஏக்கருக்கு) | தண்ணீர் |
|---|---|---|---|
| நடவு | ஜூலை 10 | டி.ஏ.பி. 45 கிலோ, யூரியா 15, பொட்டாஷ் 8 | 2 செ.மீ. |
| தூர் கட்டுதல் | ஜூலை 22 வாக்கில் | யூரியா 33, பொட்டாஷ் 8 | காய்ச்சலும் பாய்ச்சலும் |
| கதிர் கருவாதல் | ஜூலை 30 முதல் | யூரியா 33, பொட்டாஷ் 8 | 5 செ.மீ. நிற்கட்டும் |
| கதிர் வெளிவருதல் | ஆகஸ்ட் கடைசி | யூரியா 33, பொட்டாஷ் 8 | 5 செ.மீ. நிற்கட்டும் |
| பால் பிடித்தல் | செப்டம்பர் முதல் பாதி | இல்லை | காய்ச்சலும் பாய்ச்சலும் |
| முதிர்ச்சி | செப்டம்பர் 20 முதல் | இல்லை | நிறுத்திவிடலாம் |

45 கிலோ டி.ஏ.பி.யிலேயே எட்டு கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. முதல் தவணை யூரியா குறைவாக இருப்பது அதனால்தான். மொத்த யூரியா சுமார் 114 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. துத்தநாகக் குறை உள்ள வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடு அதைக் கலக்கவே கூடாது; இரண்டும் சேர்ந்தால் துத்தநாகம் கரையாத உப்பாகிப் பயிருக்கு எட்டாமல் போகும்.

இந்த அட்டவணையில் மூன்றாவது வரிதான் உயிர்நாடி. ஒரு கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பதைப் பயிர் முடிவுசெய்யத் தொடங்குவது அப்போதுதான். கணக்குப் போட்ட தேதி நெருங்கியதும் வயலில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும். நடுத் தூர்கள் நாலைந்தைப் பிடுங்கி, வேரை நறுக்கிவிட்டு, தண்டின் அடியைப் பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். கடைசிக் கணுவுக்கு மேலே வெள்ளையாக, கூர்முனையோடு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் பஞ்சு போன்ற ஒரு நுனி தெரிந்தால் கதிர் கருவாகிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட தூர்களில் அது தெரிந்தால் உரத்துக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நட்ட நாளை எண்ணுவதால் வரும் ஆபத்து, தண்ணீர் தாமதமாக வந்த வருடத்தில் வெளிப்படும். ஆற்றில் தண்ணீர் வராமல் நாற்று நாற்றங்காலிலேயே 40 நாள் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு மாறிய அதிர்ச்சியில் பயிர் சில நாள் பின்தங்கும்தான். ஆனாலும் 110 நாள் ரகத்தில் கதிர் கருவாகும் நாள் நட்ட ஒன்றிரண்டு வாரத்திலேயே வந்துவிடும். நட்ட 30ஆம் நாளுக்காக யூரியாவை வைத்துக்கொண்டு காத்திருந்தால், மணி எண்ணிக்கை பெரும்பாலும் முடிவான பிறகு உரம் போகும். இலை கரும்பச்சையாகும், கதிர் சிறுத்தே இருக்கும். சி.ஆர். 1009 வயலில் இதற்கு நேர்மாறு நடக்கும். 45ஆம் நாளிலேயே கதிருக்கான உரத்தைக் கொட்டினால் அது வீண் தூர்களாகவும் இலைகளாகவும் மாறி, நிழல் கட்டி, இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் இடம் கொடுக்கும்.

இனி தண்ணீர். உரப் பத்தியையும் தண்ணீர்ப் பத்தியையும் தனித்தனியாகப் படிப்பதுதான் பலர் செய்யும் தவறு. தேங்கிய தண்ணீரில் வீசிய யூரியா அம்மோனியாவாகி வெயிலில் காற்றோடு போய்விடும். பாசி படர்ந்த தண்ணீர் மதியத்தில் காரத்தன்மை கூடிக் கிடக்கும்போது இந்த இழப்பு இன்னும் அதிகம். ஆகவே மேலுரம் போடும் அன்று மடையைத் திறந்து தண்ணீரை வடித்து, மண் சேறாகத் தெரியும் நிலையில் தூவி, ஓரிரு நாள் கழித்துத் தண்ணீர் கட்ட வேண்டும். அதற்குள் சத்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். உரம் போட்ட பிறகு வயலை வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டு மறுபடி நிறைப்பதும் கெடுதல். காயும்போது தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, தண்ணீர் நின்றதும் வாயுவாகிப் போய்விடும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் எந்த அளவுக்கு என்பதற்கு ஒரு குழாய் போதும். 30 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, 20 செ.மீ. ஆழம் வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. இறங்கிய பிறகு 5 செ.மீ. பாய்ச்சினால் போதும், வேருக்கு எட்டும் ஈரம் அதுவரை இருக்கும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. பூக்கும் நேரத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் இதை நிறுத்திவைத்து, தண்ணீரை நிற்கவிட வேண்டும். அப்போது வயல் காய்ந்தால் மகரந்தம் கெட்டுக் கதிரில் பதர் கூடும். உப்பு மண்ணில் இந்த முறை உதவாது. காயவிடும்போது உப்பு மேலே ஏறிவிடும்.

சம்பாவில் வடகிழக்கு மழை தொடர்ந்து பெய்தால் வடித்து உரம் போட வழியே இருக்காது. மேலுரத்தைச் சில நாள் தள்ளிப்போடலாம். ஆனால் கண்ணாடி இலை விரிந்து கதிர் முழுவதும் வெளிவந்துவிட்டால், விடுபட்ட தவணைகளைச் சேர்த்து மொத்தமாகப் போடக் கூடாது. அந்த யூரியா மணியைக் கூட்டாது. மேகமூட்டமும் ஈரமும் இருக்கும் அந்த நாட்களில் கதிர்க் கழுத்தில் குலை நோயைத்தான் கொண்டுவரும்.