செயலியா, பேக்கா? வெளிநாட்டு ஸ்மார்ட் டிவியில் தமிழ்ச் சேனல்கள்

வெளிநாட்டில் வசிப்பவர் ஸ்மார்ட் டிவியில் தமிழ்ச் சேனல்களை முறையாகப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. சேனலை நடத்தும் நிறுவனத்தின் சொந்தச் செயலிக்குச் சந்தா கட்டலாம். சன் குழுமத்துக்கு சன் நெக்ஸ்ட், ஜீ தமிழுக்கு ஜீ5, விஜய்க்கு ஹாட்ஸ்டார் என இது போகும். அல்லது பல நிறுவனங்களின் சேனல்களைச் சேர்த்து இணையம் வழியே விற்கும் பேக் ஒன்றை வாங்கலாம். அமெரிக்காவில் ஸ்லிங்கும், பல நாடுகளில் யப் டிவியும் இப்படித் தமிழ் பேக் விற்கின்றன. மூன்றாவது, அந்தந்த நாட்டின் கேபிள் அல்லது தொலைபேசி நிறுவனம் தரும் பேக். மலேசியாவில் ஆஸ்ட்ரோ, சிங்கப்பூரில் ஸ்டார்ஹப், சிங்டெல் ஆகியவை இந்த வகை.

எந்தச் சேனல் எந்த வழியில் கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒளிபரப்பு உரிமை நாடுவாரியாக விற்கப்படுவதே இதற்குக் காரணம். சென்னையில் சந்தா கட்டிய செயலியை லண்டனில் திறந்தால், இணைய இணைப்பு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு அது படம் காட்ட மறுக்கலாம். வெளிநாட்டுக்கென்று விற்கும் சந்தா வேறு, அதன் விலையும் வேறு. உரிமை கைமாறும்போது சேனலும் இடம் மாறும். அமெரிக்காவில் ஹாட்ஸ்டாரின் நிகழ்ச்சிகள் 2021-இல் ஹுலுவுக்கும் இஎஸ்பிஎன் பிளஸுக்கும் போயின. அதை நம்பி அங்கே சந்தா கட்டியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு சேனல் ஒரு நாட்டில் எங்கே கிடைக்கிறது என்று உறவினர் சொல்வதை விட, அந்த நாட்டிலிருந்தே செயலியின் தளத்தைத் திறந்து, அன்றைய சேனல் பட்டியலைப் பார்ப்பதுதான் நம்பகமானது.

தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடிகாரம்தான். சென்னையில் இரவு 8 மணிக்கு ஓடும் தொடர், சிங்கப்பூரில் இரவு 10.30-க்கு ஓடுகிறது. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நேரலையாகவே பார்த்துவிடலாம். லண்டனில் அதே நேரம் கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 2.30. டொராண்டோவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. வேலைக்குப் போகிறவருக்கு அந்த நேரலையால் பயன் இல்லை. சில சேனல்கள் சில நாடுகளுக்கு நேரத்தை மாற்றித் தனி ஒளிபரப்பு தருவதுண்டு. எனவே சிங்கப்பூர் வீட்டுக்கு நேரலைச் சேனல்கள் நிறைந்த பேக் பொருந்தும். டொராண்டோ வீட்டுக்கு, முடிந்த அத்தியாயத்தை மாலையில் எடுத்துப் பார்க்க விடும் செயலி பொருந்தும். பேக் வாங்குவதானால், பழைய நிகழ்ச்சிகளை எத்தனை நாள் வரை திரும்பப் பார்க்க முடியும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். சேனல் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டி சன் டிவியில் இரண்டு தொடர்களும் ஜீ தமிழில் ஒரு தொடரும் பார்க்கிறார். பேரப்பிள்ளைகள் வார இறுதியில் விஜய் டிவியின் பாட்டுப் போட்டி பார்க்கிறார்கள். அப்பாவுக்குச் செய்தி போதும். விளம்பரத்தில் 40 சேனல் என்று போட்டிருக்கும் பேக், இந்த வீட்டுக்கு மூன்று சேனல்தான். முதலில் செய்தியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். புதிய தலைமுறை, தந்தி டிவி, நியூஸ்18 தமிழ்நாடு ஆகியவை யூடியூபில் தங்கள் அதிகாரபூர்வப் பக்கத்திலேயே இலவசமாக நேரலை தருகின்றன. மீதியிருப்பது மூன்று நிறுவனங்களின் நிகழ்ச்சிகள். இவற்றுக்கான செயலிகளின் கனடா மாதச் சந்தாக்களைக் கூட்டி, மூன்று சேனலும் சேர்ந்த பேக்கின் மாத விலையோடு ஒப்பிட வேண்டும். பாட்டுப் போட்டி நடக்கும் மாதங்களில் மட்டும் விஜய்க்கான சந்தாவைக் கட்டினால், செயலி வழி இன்னும் மலிவாகும். ஆனால் பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் பாட்டி, ரிமோட்டை அழுத்தினால் சேனல் மாறும் பழக்கத்தில் இருப்பவர். மூன்று செயலிகளைத் திறந்து மூடி, தேடி எடுப்பது அவருக்குச் சிரமமானால், விலை சற்றுக் கூடினாலும் ஒரே பேக்தான் சரியான தேர்வு.

இணைய அளவையும் கணக்கிட வேண்டும். தெளிவான எச்டி படம் நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி ஆகும். தினம் ஆறு மணி நேரம் டிவி ஓடும் வீட்டில் மாதம் 400 ஜிபி தாண்டும். மாத அளவுக்கு வரம்பு வைத்த இணைப்பு என்றால், படத்தின் தரத்தைக் குறைத்து வைக்கும் வசதி செயலியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சந்தா கட்டும் முன் செயலி அந்த டிவியில் ஏறுமா என்று சோதிக்க வேண்டும். சாம்சங் டிவியில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், சோனி போன்றவற்றில் கூகுள் டிவி என ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலிக் கடை இருக்கிறது. எல்லாச் செயலியும் எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. தேடியும் வரவில்லை என்றால், டிவியின் அமைப்புகளிலோ டிவியில் இணைத்த கணக்கிலோ பழைய நாடு பதிந்திருக்கலாம். இந்தியாவில் வாங்கிக் கொண்டுபோன டிவியிலும், ஊரிலிருந்தபோது தொடங்கிய கணக்கிலும் இது அடிக்கடி நடக்கும். நாடு சரியாக இருந்தும் வராவிட்டால் டிவி பழையதாக இருக்கலாம். அதற்காகப் புது டிவி வேண்டாம். ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற கருவியை வசிக்கும் நாட்டிலேயே வாங்கி எச்டிஎம்ஐ துளையில் சொருகினால் போதும்.

முறையற்ற வழியும் இதே சந்தையில் விற்கிறது. ஒருமுறை பணம் கட்டினால் ஆயுள் முழுவதும் ஆயிரம் சேனல் என்று கடைகளில் கிடைக்கும் பெட்டி அதுதான். உரிமைக்கு ஒவ்வொரு மாதமும் பணம் கட்டும் எந்த நிறுவனமும் ஆயுள் சந்தா கொடுத்துக் கட்டுப்படியாகாது. எல்லா நிறுவனச் சேனலும், நேற்று தியேட்டருக்கு வந்த படமும் ஒரே பெட்டியில் வருவது இன்னொரு அடையாளம். ரசீதில் நிறுவனத்தின் பெயர் இருக்காது. செயலிக் கடையில் இல்லாத கோப்பை இறக்கி நிறுவச் சொல்வார்கள். 2019-இல் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இப்படிப்பட்ட கோல்டுடிவி சேவையை முடக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. முடக்கப்படும் நாளில் கட்டிய பணம் போய்விடும். அதைவிடப் பெரிய கேடு பெட்டிக்குள்ளேயே இருக்கலாம். மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள் பலவற்றில் தீய நிரல் புகுந்து, வீட்டின் இணைய இணைப்பைக் குற்றவாளிகள் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. விபிஎன் போட்டு இந்தியச் சந்தாவை ஓட்டுவது இந்த அளவு ஆபத்தல்ல. ஆனால் அது பெரும்பாலும் சந்தா விதிகளுக்கு மாறானது, செயலி கண்டுபிடித்து மறுக்கும்போது முறையிடவும் வழியில்லை.

முதல் மாதம் மாதச் சந்தாவாகவே கட்டுவது உத்தமம். வீட்டில் பார்க்கும் தொடர்கள் உண்மையில் வருகின்றனவா, மாலை நேரத்தில் படம் சுற்றிச் சுற்றி நிற்கிறதா என்று அந்த மாதத்தில் தெரிந்துவிடும். பிடித்தால் ஆண்டுச் சந்தாவுக்கு மாறலாம். வேண்டாம் என்றால், டிவியிலிருந்து செயலியை நீக்குவதால் சந்தா நிற்காது. எந்தக் கணக்கின் வழியே பணம் கட்டினாரோ, அதே கணக்கில் போய் ரத்து செய்து, உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.