ஆவியை எடைபோட்டு மோலார் நிறை காண்பது எப்படி?

நல்லியல்பு வாயுச் சமன்பாடு PV = nRT என்று எழுதப்படுகிறது. P அழுத்தம், V கனஅளவு, n மோல்களின் எண்ணிக்கை, T கெல்வினில் சொல்லப்படும் வெப்பநிலை, R வாயு மாறிலி. இதில் நிறையோ அடர்த்தியோ நேரடியாக இல்லை. ஆனால் ஒரு பொருளின் நிறையை (m) அதன் மோலார் நிறையால் (M) வகுத்தால் மோல் எண்ணிக்கை கிடைக்கும். n இருக்கும் இடத்தில் m/M என்று போட்டு, நிறையைக் கனஅளவால் வகுத்தால் வருவது அடர்த்தி (d) என்பதை நினைவில் வைத்தால், சமன்பாடு இரண்டு வடிவங்களில் கைக்கு வந்துவிடும்.

```
d = PM / RT
M = dRT / P
```

முதல் வடிவம் மோலார் நிறை தெரிந்த வாயுவின் அடர்த்தியைச் சொல்லும். 25 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 1.18 கிராம், மோலார் நிறை 58.1 ஆன பியூட்டேனுக்கு 2.37 கிராம். கசியும் சமையல் எரிவாயு தரையை ஒட்டித் தேங்குவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். இரண்டாவது வடிவம் இன்னும் பயனுள்ளது: பெயர் தெரியாத ஒரு பொருளின் மோலார் நிறையை அது தருகிறது. எளிதில் ஆவியாகும் திரவங்களுக்கு இதைக் கண்டறியும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஜான் பாப்டிஸ்ட் டூமா 1826-இல் வெளியிட்டார். கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் அது செய்யப்படுகிறது.

சுத்தமான, உலர்ந்த கூம்புக் குடுவை ஒன்றின் வாயை அலுமினியத் தாளால் மூடி, தாளில் ஊசியால் ஒரு சிறு துளை இட்டு எடைபோட வேண்டும். பிறகு திரவத்தில் சில மில்லிலிட்டர் ஊற்றி, மறுபடி மூடி, கொதிநீரில் கழுத்துவரை அமிழ்த்தி வைக்க வேண்டும். இத்தகைய திரவங்கள் பெரும்பாலும் தீப்பற்றக்கூடியவை. எனவே நீரை மின் அடுப்பில்தான் சூடாக்க வேண்டும். திரவம் ஆவியாகும்போது காற்றைத் துளை வழியே வெளியே தள்ளும். மிகுதியான ஆவியும் அப்படியே வெளியேறும். உள்ளே திரவம் முழுவதும் மறைந்த கணத்தில், குடுவை ஆவியால் மட்டும் நிறைந்திருக்கும். அதன் அழுத்தம் அறையின் அழுத்தமே. வெப்பநிலை கொதிநீரின் வெப்பநிலையே. எவ்வளவு திரவம் ஊற்றப்பட்டது என்பது தெரியவே வேண்டியதில்லை. குடுவையை எடுத்துக் குளிரவிட்டால் ஆவி மீண்டும் திரவமாகும். வெளிப்புறத்தைத் துடைத்து எடைபோட்டால், கூடுதலாக வரும் நிறை ஆவியின் நிறை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். வெற்றுக் குடுவையும் தாளும் 92.416 கிராம், ஆவி குளிர்ந்த பின் 92.911 கிராம், வேறுபாடு 0.495 கிராம். நீர் 99.6 டிகிரியில் கொதிக்கிறது. அறை அழுத்தம் 750 மி.மீ. பாதரசம். குடுவையில் 250 மி.லி. என்று அச்சிட்டிருந்தாலும், ஆவி நிரப்பியது விளிம்புவரை உள்ள இடத்தை. அதனால் குடுவையை விளிம்புவரை நீரால் நிரப்பி, அந்த நீரை அளக்க வேண்டும். இங்கே அது 264 மி.லி., அதாவது 0.264 லிட்டர். அச்சிட்ட எண்ணை நம்பினால் விடை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும்.

அடர்த்தி 0.495 / 0.264 = 1.875 கிராம்/லிட்டர். வெப்பநிலை 99.6 + 273.2 = 372.8 கெல்வின். இனி R-க்கு எந்த மதிப்பைப் போடுவது? தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். R ஒன்றே ஒன்றுதான். ஒரே தூரம் கிலோமீட்டரில் ஓர் எண்ணாகவும் மைலில் வேறோர் எண்ணாகவும் வருவதுபோல, அலகு மாறும்போது அதன் எண் மாறுகிறது. கையிலிருக்கும் அழுத்தத்தின் அலகைப் பார்த்தே R-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அழுத்தத்தை வளிமண்டல அலகுக்கு மாற்றினால் (750 / 760 = 0.9868) R = 0.08206. அதை மி.மீ. பாதரசத்திலேயே விட்டுவிட்டால் R = 62.36. கிலோபாஸ்கலில் சொன்னால் அழுத்தம் 100.0, R = 8.314. மூன்றிலும் கனஅளவு லிட்டரில், நிறை கிராமில்.

```
1.875 × 0.08206 × 372.8 / 0.9868 = 58.1
1.875 × 62.36   × 372.8 / 750    = 58.1
1.875 × 8.314   × 372.8 / 100.0  = 58.1
```

விடை மூன்று வழியிலும் மோலுக்கு 58.1 கிராம். அழுத்தத்தைப் பாஸ்கலிலும் அடர்த்தியைக் கன மீட்டருக்குக் கிலோகிராமிலும் வைத்தாலும் R 8.314-தான், ஆனால் விடை 0.0581 என்று கிலோகிராமில் வரும். அதை ஆயிரத்தால் பெருக்க மறப்பவர்கள் பலர்.

அலகு தவறினால் விடையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 750-ஐ மாற்றாமல் 0.08206-உடன் சேர்த்தால் 0.0765 வரும், மிக இலேசான வாயுவான ஹைட்ரஜனுக்கே 2 இருக்கும்போது இது நடக்காத காரியம். வளிமண்டல அலகுடன் 8.314-ஐப் போட்டால் ஏறக்குறைய 5,900 வரும். அவ்வளவு கனமான மூலக்கூறு கொதிநீர்ச் சூட்டில் ஆவியாகாது. ஏமாற்றக்கூடியது செல்சியஸ் தவறு. 99.6-ஐ அப்படியே போட்டால் 15.5 வருகிறது, அது மீத்தேனின் 16-க்கு அருகில் இருப்பதால் சரியென்று தோன்றும். ஆனால் மீத்தேன் அறை வெப்பநிலையில் வாயு. குடுவையில் ஊற்றியதோ திரவம்.

58.1 என்பது அசிட்டோனின் மோலார் நிறை. இங்கே முடிவுகட்டிவிட்டால் தவறு. இந்தத் திரவம் 82 டிகிரியில் கொதிக்கிறது. அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். கணக்கு சரியாக இருக்க, எடையில்தான் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. முதல் முறை எடைபோட்டபோது குடுவை முழுக்கக் காற்று இருந்தது. இரண்டாம் முறை, குளிர்ந்த திரவத்திலிருந்து கொஞ்சம் ஆவி எழுந்து காற்றின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது. அந்த அளவு காற்றின் எடை குறைந்திருப்பதால், பொருளின் நிறை குறைவாகத் தெரிகிறது.

வெளியேறிய காற்றின் நிறையையும் அதே சமன்பாடு தருகிறது. 25 டிகிரியில் இத்திரவத்தின் ஆவி அழுத்தம் 45 மி.மீ., அதாவது 0.0592 வளிமண்டலம், காற்றின் சராசரி மோலார் நிறை 28.97.

```
m = PVM / RT
  = 0.0592 × 0.264 × 28.97 / (0.08206 × 298.2)
  = 0.0185 கிராம்
```

திருத்திய நிறை 0.495 + 0.0185 = 0.5135 கிராம். அடர்த்தி 1.945, மோலார் நிறை 60.3. இது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் 60.1-உடன் ஒத்துப்போகிறது, அதன் கொதிநிலையும் 82 டிகிரிதான். அறை வெப்பநிலையிலேயே வேகமாக ஆவியாகும் திரவங்களுக்கு இந்தத் திருத்தம் இன்னும் பெரிதாக இருக்கும்.

எஞ்சும் சிறு பிழைக்கு ஆவியே ஒரு காரணம். கொதிநிலைக்கு அருகில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சற்றே ஈர்ப்பதால், ஆவி நல்லியல்பு வாயுவைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். மோலார் நிறை ஓரிரு விழுக்காடு கூடி வரும். ஆனாலும் மூலக்கூறு வாய்பாட்டைத் தீர்மானிக்க இந்தத் துல்லியம் போதும். தனிமப் பகுப்பாய்வு C₃H₈O என்ற எளிய விகிதத்தைத் தந்திருந்தால், அந்த விகிதத்தை மட்டும் வைத்துப் பார்க்கும்போது மோலார் நிறை 60.1 ஆகவோ 120.2 போன்ற அதன் மடங்காகவோ வரலாம். கிடைத்த 60.3 முதலாவதைத் தெளிவாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.