அரைக்கீரை ஒரு கட்டு எவ்ளோ?

நான் மெதுவாகத்தான் வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தும் காதில் விழ வேண்டும் என்று இழுத்து இழுத்து வாசித்தேன். ஒடிசாவிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து, பேச்சுத் தமிழ் கற்றுக்கொண்டிருந்த மாணவி, கேட்டதைத் தன் நோட்டில் எழுதிக் காட்டினார். 'ரெண்டு கட்டு கீரை' என்று நான் சொன்னது அதில் 'ரெண்டு காட்டு கீரை' ஆகியிருந்தது. 'அரைக்கீரை' என்பது 'அரை கீரை' ஆகியிருந்தது. பாதிக் கீரையை யார் விற்பார்கள் என்று அவருக்கே சந்தேகம். ஆனால் காதில் விழுந்தது அதுதான்.

தவறு அவருடையது அல்ல. தமிழில் குறிலும் நெடிலும் வேறு வேறு சொற்களைத் தருகின்றன. கட்டு, காட்டு, பட்டு, பாட்டு, கல், கால். ஒற்று இரட்டிப்பதும் அப்படித்தான்: படம், பட்டம். மெதுவாகச் சொல்கிறேன் என்று குறிலை நீட்டினால், கேட்பவர் காதுக்கு அது நெடில். 'அரைக்கீரை'யை நடுவில் நிறுத்தினால் இடையில் இருக்கும் 'க்' காணாமல் போய் இரண்டு சொற்கள் பிறக்கின்றன. கைபேசியில் வேகத்தைக் குறைத்துக் கேட்டால் எல்லாம் ஒரே விகிதத்தில் நீளும் என்பதால் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறையும். ஆனால் ட, த, க போன்ற வல்லினங்களின் கூர்மை மழுங்கிவிடும். ஆகவே மொழி கற்பவருக்கான ஒலிப்பதிவில் சொற்களை அவற்றின் இயல்பான அளவிலேயே சொல்ல வேண்டும். மெதுமை சொற்களுக்குள் வரக் கூடாது, சொற்றொடர்களுக்கு இடையே விடும் மௌனத்தில் வர வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகு, மெதுவாக வாசிக்க என்று எழுதி வைத்திருந்த என் பிரதிகளை எல்லாம், கேட்டுக்கொண்டே கூடவே வாசிக்கும் பிரதிகளாக மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

மாற்றி எழுதுவது என்பது புதிய யோசனை இல்லை. 1959 அக்டோபர் 19 அன்று வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பைத் தொடங்கியபோது, அறிவிப்பாளரை மெதுவாகப் படிக்கச் சொன்னதோடு நின்றுவிடவில்லை. சுமார் 1500 சொற்களுக்குள், ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்று செய்தியையே திருப்பி எழுதினார்கள். அதன் பிறகுதான் வேகத்தைக் குறைத்தார்கள். தமிழுக்கு அதே வேலையைச் செய்ய உட்கார்ந்தால் வேறு சிக்கல்கள் எழுகின்றன. அன்று நான் வாசித்த பிரதியையே எடுத்துக்கொள்கிறேன். ஆறு வாக்கியங்கள், 28 சொற்கள்:

நேத்து சாயங்காலம் கீரை வாங்கலாம்னு மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரம்மாகிட்ட அரைக்கீரை ஒரு கட்டு எவ்ளோன்னு கேட்டேன். இருபது ரூபான்னு சொன்னாங்க. ரெண்டு கட்டு எடுத்தா கொறைச்சுக் குடுப்பீங்களான்னு கேட்டேன். முப்பத்தஞ்சு குடுங்கன்னாங்க. சரின்னு ரெண்டு கட்டு வாங்கிட்டு வந்தேன்.

முதல் கேள்வி, தாளில் எந்தத் தமிழை அச்சிடுவது என்பது. 'எவ்வளவு என்று கேட்டேன்' என எழுதி 'எவ்ளோன்னு கேட்டேன்' என்று வாசித்தால், கண் ஒன்றைப் பார்க்கும், காது வேறொன்றைக் கேட்கும். கூடவே வாசிக்கும் பிரதியின் நோக்கமே அங்கே உடைந்துபோகிறது. எனவே காதில் விழுவதைத்தான் எழுத வேண்டும், அது கொச்சையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. எழுத்துத் தமிழ் வடிவத்தைத் தாளின் பின்பக்கத்தில் தனியாகத் தருகிறேன். அதே சமயம் எல்லா ஒலியையும் எழுத்தில் கொண்டுவர முயல்வதும் வீண். 'போனேன்' என்பதன் கடைசி 'ன்' பேச்சில் மூக்கொலியாக மட்டும் கரைந்துவிடுகிறது. அதற்கு எழுத்து இல்லை. காது தானாகக் கற்றுக்கொள்ளும் என்று விட்டுவிடலாம்.

அடுத்தது எங்கே நிறுத்துவது. இதில்தான் அதிக நேரம் போகும். காதில் விழுந்ததை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பிடித்து வைத்திருக்கும் திறனைப் பற்றி ஆலன் பேட்லி என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1975-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 2 வினாடிக்குள் நாம் சொல்லி முடிக்கக்கூடிய அளவே அந்தப் பிடியில் நிற்கிறது என்று அது காட்டியது. தெரியாத மொழியில் அந்தப் பிடி இன்னும் தளர்ந்திருக்கும். ஆகவே புதிதாக வரும் எந்த வரியும் 2 வினாடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். முதல் வாக்கியம் இப்படி ஆகிறது:

நேத்து சாயங்காலம்
கீரை வாங்கலாம்னு
மார்க்கெட்டுக்குப் போனேன்.

மூன்றாவது வரியையும் உடைத்து 'மார்க்கெட்டுக்கு', 'போனேன்' என்று பிரித்தால் என்ன ஆகும்? இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் நடுவில் 'ப்' பிறக்கிறது. நிறுத்தினால் அது ஒலிக்காது. அச்சில் மட்டும் வரியின் கடைசியில் 'மார்க்கெட்டுக்குப்' என்று இருந்தால், கற்பவர் அந்த 'ப்'பை உச்சரிக்க உதட்டை மூடிக்கொண்டு திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பிரித்தால் ஒற்றையும் எடுத்துவிட வேண்டும், சேர்த்தால் ஒரே வரியில் வைக்க வேண்டும். 'கொறைச்சுக் குடுப்பீங்களா', 'வாங்கிட்டு வந்தேன்' போன்றவையும் பிரியக் கூடாத ஜோடிகள். 'ரெண்டு கட்டு' என்பதில் எண்ணையும் பொருளையும் பிரிக்கக் கூடாது. பிரித்தால், மாணவி எண்ணைச் சொல்லிவிட்டுப் பொருளைத் தேட ஆரம்பிக்கிறார்.

பிரதியைப் பார்க்கும்போது இன்னொரு குறையும் தெரிந்தது. எல்லாப் பேச்சும் 'ன்னு'வுக்குள் ஒளிந்திருக்கிறது. 'குடுப்பீங்களான்னு கேட்டேன்' என்று சொல்லும்போது, 'குடுப்பீங்களா?' என்று உயர வேண்டிய குரல் தட்டையாகிவிடுகிறது. கடையில் நின்று அவர் கேட்கப்போவதோ அந்தக் கேள்வியைத்தான். அதனால் முதலில் கேள்வியைத் தனியாக, கேள்வியின் ராகத்தோடு தருகிறேன். 'ன்னு' அதன் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

திரும்பச் சொல்லும் முறையில் தமிழ் ஓர் அருமையான வசதியைத் தருகிறது. வினை கடைசியில் வருவதால் வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டலாம். முன்னாலிருந்து 'அரைக்கீரை', 'அரைக்கீரை ஒரு கட்டு' என்று வளர்த்தால், கடைசிப் படி வரை எதுவும் முழுமை பெறாது. பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு படியும் யாராவது நிஜமாகச் சொல்லக்கூடிய பேச்சாக இருக்கும்:

எவ்ளோ?

ஒரு கட்டு எவ்ளோ?

அரைக்கீரை ஒரு கட்டு எவ்ளோ?

எவ்ளோன்னு கேட்டேன்.

அரைக்கீரை ஒரு கட்டு எவ்ளோன்னு கேட்டேன்.

மூன்றாவது வரியும் ஐந்தாவது வரியும் 2 வினாடியைத் தாண்டுகின்றன. ஆனால் அவற்றில் புதிதாகச் சேர்வது மிகக் கொஞ்சம், மற்றதெல்லாம் ஏற்கெனவே வாயில் பழகியது. அதனால் தாங்கும். வரியின் முடிவு ஒவ்வொரு முறையும் அப்படியே திரும்புவதால், குரல் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்பதும் கூடவே பதிந்துவிடுகிறது.

எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பதைவிட எப்போது திரும்ப வேண்டும் என்பது முக்கியம். பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழிப் பேராசிரியர் 1967-ல் ஒரு கணக்குச் சொன்னார். கேட்ட சொல்லை 5 வினாடி கழித்து, 25 வினாடி கழித்து, 2 நிமிடம் கழித்து, 10 நிமிடம் கழித்து என, இடைவெளி ஏறக்குறைய ஐந்து மடங்காக வளரும்படி நினைவுபடுத்த வேண்டும் என்பது அவர் யோசனை. என் ஒலிப்பதிவு மூன்றரை நிமிடம்தான். ஆகவே 'ஒரு கட்டு எவ்ளோ?' உடனே ஒரு முறை திரும்புகிறது. பெரிய வாக்கியத்துக்குள் இன்னொரு முறை வருகிறது. கடைசிப் பகுதியில், 'புதினா ஒரு கட்டு எவ்ளோ?' என்று பெயர் மட்டும் மாறி மீண்டும் வருகிறது. எல்லாச் சொற்றொடர்களையும் இப்படிச் சுமக்க முடியாது. 'நேத்து சாயங்காலம்' ஒரே ஒரு தடவைதான். கடையில் உதவப்போகிற மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்தேன்: 'ஒரு கட்டு எவ்ளோ?', 'கொறைச்சுக் குடுப்பீங்களா?', 'ரெண்டு கட்டு குடுங்க.'

இனி மௌனம். வரிக்குள் நான் எங்கும் நிறுத்துவதில்லை. ஒரே வாக்கியத்தின் வரிகளுக்கு இடையே அரை வினாடி போதும். கற்பவர் திருப்பிச் சொல்ல வேண்டிய இடத்தில், அந்த வரி எடுத்துக்கொண்ட நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு விடுகிறேன். அச்சில் அந்த இடம் ஒரு வெற்று வரி. அப்போது தாளைப் பார்த்தே, இங்கே என் முறை என்று தெரிந்துவிடும். முன்பெல்லாம் வாசிக்கும்போதே மனசுக்குள் எண்ணி இடைவெளி விடுவேன். அவசரத்தில் அது பாதியாகச் சுருங்கிவிடும். இப்போது தொடர்ந்து வாசித்துப் பதிவு செய்துவிட்டு, மௌனத்தைப் பிறகு கணினியில் அளந்து செருகுகிறேன்.

திரையில் வரிகள் ஓட வேண்டுமானால், ஒலி நின்றதும் எழுத்தும் மறைவதுதான் வழக்கமான பிழை. திருப்பிச் சொல்லப் போகிற நேரத்தில் பார்க்க எதுவும் இருக்காது. மௌனம் முடியும் வரை எழுத்து நிற்க வேண்டும். கீழே முதல் வரியின் குரல் 1.6 வினாடி, மௌனம் 2.4 வினாடி. இரண்டும் சேர்ந்த 4 வினாடியும் எழுத்து திரையில் இருக்கிறது:

```
WEBVTT

00:41.000 --> 00:45.000
ஒரு கட்டு எவ்ளோ?

00:45.000 --> 00:52.000
அரைக்கீரை ஒரு கட்டு எவ்ளோ?
```

முடித்த பிரதியை மாணவியிடம் கொடுத்து, முதலில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கச் சொன்னேன். இரண்டாவது முறை தாளைப் பார்த்தபடி, கூடவே வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். நான் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். குரலுக்கு முன்னால் அவர் ஓடினால், காதை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் வாசிக்கிறார் என்று பொருள். அந்த இடத்தை மறுபடி தாள் இல்லாமல் கேட்க வேண்டும். குரலுக்குப் பின்னால் தங்கினால் வரி நீளம், அல்லது உடைத்த இடம் தப்பு. 'கொறைச்சுக் குடுப்பீங்களா?' சரியாக வந்தது. 'ரெண்டு கட்டு' இந்த முறை காட்டுக்குப் போகவில்லை.

ஒரே இடத்தில்தான் நின்றார். குரல் 'முப்பத்தஞ்சு' சொல்லி முடித்துவிட்டது, அவர் உதடு அசையவில்லை. தாளைப் பார்த்தேன். இடத்தை மிச்சம் பிடிக்க அங்கே '35 குடுங்க' என்று எண்ணாகப் போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் மனசு ஒடியாவில் எண்ணிவிட்டது, தமிழ்ச் சொல் வெளியே வரவில்லை. எண் எந்த மொழியின் ஒலியையும் தாங்கி நிற்பதில்லை. இலக்கத்தை அழித்துவிட்டு எழுத்தில் எழுதினேன். பின்னாலிருந்து கட்டி, 'அஞ்சு', 'முப்பத்தஞ்சு', 'முப்பத்தஞ்சு குடுங்க' என்று மூன்று வரிகளாக்கி, அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பதிவு செய்தேன். மறுநாள் பாடம் புடலங்காய் பற்றியது. அதன் முதல் வரியாக 'ஒரு கட்டு எவ்ளோ?' என்பதையே வைத்தேன்.