சரக்கு இருந்தும் காலி

ஒரு விற்பனைத் தளத்தில் புதுப் பதிப்பை ஏற்றியதும் பக்கங்கள் ஊர்ந்தன. சர்வர் எதுவும் விழவில்லை, டேட்டாபேஸ்தான் திணறியது. அடிக்கடி கேட்கப்படும் விவரங்களைக் கையருகே வைத்திருக்கும் கேஷ், எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்றது. குழுவின் அறிக்கையில் காரணம் ஒரே வரி: `v41:item:207` என்ற சாவி `v42:item:207` என்று மாறிவிட்டது. விவரம் உள்ளேயே இருந்தது, கேட்ட பெயர்தான் வேறு. ஒவ்வொரு பொருளையும் புதுப் பெயரில் முதல் முறை கேட்டபோது டேட்டாபேஸே தேட வேண்டியிருந்தது.

பழைய பதிப்புக்குத் திரும்பியதும் தளம் தேறியது. பழைய சாவிகள் காலாவதியாகாமல் இருந்தது அதிர்ஷ்டம் என்றே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஏற்றியவர் பெயர் அதில் இல்லை, அது சரிதான். கேஷ் தவறும் விகிதம் எகிறியும் எச்சரிக்கை ஏன் வரவில்லை என்ற கேள்வி இருக்கிறது. இனி முதலில் ஒரு சர்வரில் மட்டும் ஏற்றி, அந்த விகிதத்தைப் பார்த்த பிறகே மற்றவற்றில் ஏற்றுவார்கள்.