தோற்ற வழியை மறக்காத தேடல்

ஒன்பது எண்கள் இருக்கின்றன: 7, 6, 5, 3, 2, 1, 4, 10, 10. இவற்றை நான்கு கூடைகளில் போட வேண்டும். ஒவ்வொரு கூடையிலும் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும், ஓர் எண்ணும் மிச்சமிருக்கக் கூடாது. முடியுமா? மென்பொருள் வேலைக்கான நேர்காணல்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது.

முதலில் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம்: 48. நான்கால் வகுத்தால் மீதியில்லாமல் 12 வருகிறது, அதனால் ஒரு கூடைக்கு 12. மீதி வந்திருந்தாலோ, ஏதாவது ஓர் எண் 12ஐவிடப் பெரிதாக இருந்தாலோ, தேடாமலேயே 'முடியாது' என்று சொல்லிவிடலாம். இங்கே இரண்டு தடையும் இல்லை. தேடித்தான் ஆக வேண்டும்.

கணினி தேடும் முறைக்குப் 'பின்வாங்கித் தேடுதல்' என்று பெயர். ஒரு கூடையை நிரப்பி முடித்த பிறகே அடுத்ததைத் தொடும். பொருந்தும் எண்ணைப் போட்டுக்கொண்டே போய், வழி அடைபட்டால் கடைசியாகப் போட்ட எண்ணை எடுத்துவிட்டு வேறொன்றை முயலும்.

நம் எண்களை வந்த வரிசையிலேயே எடுப்போம். முதல் கூடையில் 7 போகிறது. 6ஐச் சேர்த்தால் 13 ஆகிவிடும், ஆகவே 5. கூடை நிறைந்தது. இரண்டாவதில் 6, 3, 2, 1. அதுவும் நிறைந்தது. மிச்சம் 4, 10, 10. இவற்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் 12ஐத் தாண்டிவிடும். வழி அடைபட்டது.

கணினி பின்வாங்குகிறது. வேறு பல வழிகளில் முட்டி மோதிய பிறகு, முதல் கூடையில் 7, 3, 2 என்றும், இரண்டாவதில் 6, 5, 1 என்றும் போட்டுப் பார்க்கிறது. இரண்டும் நிறைந்தன. மிச்சம் என்ன? அதே 4, 10, 10. கூடைகளுக்குள் எண்கள் இடம் மாறியிருக்கின்றனவே தவிர, இனி செய்ய வேண்டிய வேலை முன்பு தோற்ற அதே வேலைதான். ஞாபகமில்லாத நிரல் அதை மறுபடியும் முதலிலிருந்து செய்து, மறுபடியும் தோற்கும்.

இதைத் தவிர்க்க எதைக் குறித்துவைக்க வேண்டும்? எந்தெந்த எண்கள் பயன்பட்டுவிட்டன என்பதை மட்டும் குறித்தால் போதும். எது எந்தக் கூடையில் கிடக்கிறது என்ற விவரம் தேவையில்லை. பயன்பட்ட எண்களின் கூட்டுத்தொகை 29 என்றால், இரண்டு கூடைகள் நிறைந்து மூன்றாவதில் 5 இருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். ஒவ்வோர் எண்ணுக்கும் 'பயன்பட்டது', 'படவில்லை' என்று ஒரு பிட் ஒதுக்கினால் முழு நிலையும் ஒரே முழு எண்ணில் அடங்கும். அந்த நிலையிலிருந்து தோற்றால் அந்த எண்ணைத் தோல்விப் பட்டியலில் சேர்த்துவிடலாம். வேறு வழியில் அதே நிலைக்கு வரும்போது உள்ளே போகாமல் அங்கேயே திரும்பிவிடலாம்.

இதில் கிடைக்கும் லாபம் பெரியது. 16 எண்களை 4 கூடைகளில் கண்மூடித்தனமாகப் போட்டுப் பார்த்தால் சுமார் 429 கோடி வழிகள். பயன்பட்ட, படாத நிலைகளோ மொத்தம் 65,536 மட்டுமே.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே கூடைக்குள் 3, 2 என்றும் 2, 3 என்றும் இருமுறை முயல்வதைத் தவிர்க்க, 'கடைசியாகப் போட்ட எண்ணுக்குப் பின்னால் உள்ளவற்றை மட்டுமே பார்' என்று ஒரு விதி எழுதுவார்கள். விதி சரியானதுதான். ஆனால் அதன் காரணமாக வந்த தோல்வி, கடைசியாகப் போட்டது எந்த எண் என்பதையும் பொறுத்தது. அந்தத் தோல்வியைப் பயன்பட்ட எண்களின் பெயரில் மட்டும் பதிந்துவிட்டால், விடை இருக்கும்போதே நிரல் 'இல்லை' என்று சொல்லிவிடக்கூடும். ஒன்று, விதியை விட வேண்டும்; இல்லையென்றால் அந்தக் கடைசி இடத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். எல்லா எண்களும் பூஜ்யத்தைவிடப் பெரியவை என்பதும் நிபந்தனை. குறை எண் ஒன்று நுழைந்தாலும், '12ஐத் தாண்டினால் விடு' என்ற கணக்கு செல்லாது.

இன்னொரு வழியும் உண்டு: எண்களை இறங்குவரிசையில் அடுக்குவது. அப்போது முதல் கூடையில் 10 போகிறது. அதோடு 2 மட்டுமே சேர்ந்து நிறையும். அடுத்த கூடைக்கு இன்னொரு 10. அதற்கும் 2 வேண்டும், ஆனால் மிச்சமிருக்கும் சிறிய எண் 1 மட்டுமே. தோல்வி. திரும்பி வந்து முதல் 10உடன் 1ஐச் சேர்த்தாலும் 11இல் நின்றுவிடுகிறது. அந்த 10 ஏதாவது ஒரு கூடையில் இருந்தே ஆக வேண்டும். காலிக் கூடைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பவை. ஆகவே ஒரு காலிக் கூடையில் அது தோற்றால் மற்றக் கூடைகளில் முயல வேண்டியதில்லை. விடை: முடியாது. வந்த வரிசையில் வெகுநேரம் அலைந்த தேடல் இங்கே சில அடிகளில் முடிந்துவிட்டது.

எல்லா எண்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. எண்களை இரண்டு சமபங்காகப் பிரிக்க முடியுமா என்று கண்டுபிடிப்பதே கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று ரிச்சர்ட் கார்ப் 1972இல் காட்டினார். எப்போதும் விரைவாக விடை தரும் வழி இன்றுவரை தெரியவில்லை. தோல்விப் பட்டியலுக்கும் எல்லை உண்டு: ஓர் எண் கூடினால் நிலைகள் இரட்டிக்கும், 30 எண்களுக்கே அவை 107 கோடியைத் தொடும். ஆகவே இருபது எண்கள்வரை இந்த முறையைத் தயங்காமல் எழுதலாம். அதற்கு மேல் போனால் நினைவகத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.